பூட்டும் இன்டர்லாக் சுவிட்ச்: சுழன்று ஓயும் டிரம்மோடு ஆறு வருடங்கள்

கழுவிய உலோகப் பாகங்களைச் சுழற்றி உலர்த்தும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம், நிமிடத்துக்கு 900 சுற்று, மோட்டாரிலிருந்து பெல்ட் மூலம் ஓட்டம். பிரேக் கிடையாது. ஸ்டாப் பட்டனை அழுத்தினால் டிரம் தன் போக்கில் ஓய்ந்துதான் நிற்கும். ஆரம்பத்தில் காலியாக இருந்தால் 40 நொடி, நிறைய ஏற்றியிருந்தால் 70 நொடி ஆனது.

முன்பு இதன் கதவில் சாதாரண இன்டர்லாக் சுவிட்ச்தான் இருந்தது. கதவைத் திறந்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அது உடனே துண்டிக்கும். ஆனால் டிரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலை சொல்லும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அபத்தம் புரியும். மனிதர் நெருங்கும் வேகம் நொடிக்கு 1600 மில்லிமீட்டர். அதை 70 நொடியால் பெருக்கினால் 112 மீட்டர். அதாவது கதவுக்கும் டிரம்முக்கும் இடையில் 112 மீட்டர் இருந்தால்தான் அந்தச் சுவிட்ச் போதும். எங்களுக்கு இருந்ததோ ஒரு முழம். அதனால்தான் கதவைப் பூட்டியே வைக்கும் சுவிட்சுக்கு மாறினோம்.

வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம், ஸ்பிரிங் பூட்டும் வகையாக இருக்க வேண்டும் என்பது. பூட்டுக்கம்பியை இழுக்கும் மின்காந்தமான சாலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்தால்தான் அது திறக்கும். மின்சாரம் கொடுத்தால் பூட்டும் வகையும் கடையில் கிடைக்கிறது. கரண்ட் போனால் அது திறந்துவிடும், ஆனால் கரண்ட் போனாலும் டிரம் நிற்காது. சுழன்று ஓயும் மெஷினுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

சரி, பூட்டு வந்துவிட்டது. எப்போது திறக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க எங்களுக்கு இரண்டரை வருடம் ஆனது.

முதலில் டைமர் வைத்தோம். முழு லோடோடு அளந்ததில் 70 நொடி வந்தது, 80 நொடிக்கு செட் செய்தோம். காலி டிரம்முக்கும் அதே 80 நொடி என்பதால் ஆபரேட்டர்கள் எரிச்சலோடு நிற்பார்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினாலாவது உடனே திறக்கும்படி செய்யச் சொன்னார்கள். அந்தப் பட்டனை அழுத்தினாலும் டிரம் அதே 70 நொடி சுற்றும் என்று விளக்கி மறுத்தேன். எரிச்சலாவது பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து பேரிங் மாற்றினோம். பழைய பேரிங்கில் இருந்த இறுக்கம் போய்விட்டதால், முழு லோடில் டிரம் 95 நொடி ஓடியது. டைமர் 80-இல் திறந்துவிட்டது. கதவைத் திறந்தவர் டிரம் இன்னும் சுற்றுவதைப் பார்த்துக் கையை உள்ளே விடாமல் என்னைக் கூப்பிட்டார். டைமருக்குத் தெரிவது நேரம் மட்டும்தான். பேரிங், லோடு, பெல்ட் இழுவை, இவற்றில் எது மாறினாலும் அது அளந்த நாளின் கணக்கிலேயே நிற்கும்.

அடுத்து, மோட்டார் முனையங்களில் இணைக்கும் ஸ்டாண்ட்ஸ்டில் ரிலே. மின்சாரம் துண்டித்த பிறகும் சுற்றும் மோட்டார் சிறிதளவு வோல்டேஜ் உண்டாக்கும். அது கிட்டத்தட்ட இல்லாமல் போனதும் ரிலே 'நின்றுவிட்டது' என்று சொல்லும். மெஷினில் எதையும் துளைக்க வேண்டியதில்லை, வயர் இழுத்தால் போதும். காலி டிரம் நின்றதும் கதவு திறந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நானும் வேலை முடிந்தது என்றுதான் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் ஓட்டத்தின் நடுவில் பெல்ட் அறுந்தது. சத்தம் கேட்டு ஆபரேட்டர் ஸ்டாப்பை அழுத்தினார். டிரம்மின் பாரம் இல்லாத மோட்டார் சில நொடிகளிலேயே நின்றது. ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்தது, மோட்டார் நின்றதென்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது. டிரம் கிட்டத்தட்ட முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் பெல்ட்டின் இழுவைகூட இல்லாமல். கதவுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டதால் அவர் தொடவில்லை. காது கேட்டதால் தப்பித்தார், பூட்டால் அல்ல. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகுதான் டிரம்மின் சொந்தத் தண்டிலேயே அளக்க ஆரம்பித்தோம். தண்டில் நான்கு பல் கொண்ட தட்டு, அதைப் பார்த்தபடி, உலோகம் அருகில் வந்தால் தொடாமலேயே உணரும் இரண்டு ப்ராக்ஸிமிட்டி சென்சார். இரண்டிலும் 3 நொடி எந்தப் பல்ஸும் வராவிட்டால் நின்றதாகக் கணக்கு. அதாவது நிமிடத்துக்கு 5 சுற்றுக்கும் கீழே. எங்கள் டிரம் கடைசி 5 சுற்று வேகத்தை ஒரு நொடிக்குள் இழந்துவிடுவதால், அந்த 3 நொடி முடிவதற்குள் உண்மையிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு சென்சார் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. வயர் அறுந்த சென்சாரிலிருந்தும் பல்ஸ் வராது, நின்ற டிரம்மிலிருந்தும் பல்ஸ் வராது. ஒற்றை சென்சாரால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் தட்டு எந்த நிலையில் நின்றாலும் ஒரு சென்சாராவது உலோகத்தைப் பார்க்கும்படி இரண்டையும் பொருத்தியிருக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால் சென்சார்களைக் கண்காணிக்கும் ரிலே அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டியே வைக்கும். நான்காவது வருடம் இது நடந்தது. பிராக்கெட்டின் நட்டு தளர்ந்து சென்சார்கள் தட்டைவிட்டு விலகிவிட்டன, ஒரு காலை முழுக்கக் கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியாக டிரம் நிற்பதைப் பார்த்து உறுதிசெய்துவிட்டு, மெயின்டனன்ஸ் பெட்டியில் இருக்கும் முக்கோணச் சாவியால் சுவிட்சின் துணைத் திறப்பைத் திருப்பித் திறந்தேன். உற்பத்தி தடைபட்டதில் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு நிம்மதிதான், பழுது வந்தபோது கதவு பூட்டிய பக்கமே நின்றது.

சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் ஆறு வருடமாக அதேதான். கதவில் இருக்கும் நாக்கை மட்டும் ஒருமுறை மாற்றினேன். அது சுவிட்சின் குற்றம் அல்ல. கீல் தொங்கியதால் ஒவ்வொரு முறையும் நாக்கு துவாரத்தின் ஓரத்தில் உரசியது. கதவை நேராக்கும் வேலையை நாக்கின் மேல் போடக்கூடாது, அதற்கென்று தனி வழிகாட்டி ஊசி வைத்த பிறகு தேய்மானம் நின்றது. அப்புறம், புதிய ரப்பர் கேஸ்கெட் போட்ட வாரத்தில் சாலினாய்டு 'டிக்' என்று சத்தம் போடும், கதவு திறக்காது. கேஸ்கெட் கதவை வெளியே தள்ளுவதால் நாக்கு பூட்டுக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. திறக்கும்போது கதவைக் கையால் உள்ளே லேசாக அழுத்திப் பாருங்கள், உடனே திறந்தால் கோளாறு கேஸ்கெட்டில்தான், சுவிட்சில் இல்லை. மெல்லிய கேஸ்கெட் போட்டேன், சரியாகிவிட்டது.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது, ஸ்டார்ட் அனுமதி எந்தத் தொடர்பிலிருந்து வருகிறது என்பது. கதவு மூடியிருக்கிறது என்று சொல்லும் தொடர்பு வேறு, பூட்டுக்கம்பி இறங்கிவிட்டது என்று சொல்லும் தொடர்பு வேறு. எங்களிடம் முதலில் கதவுத் தொடர்பு மட்டும்தான் இணைக்கப்பட்டிருந்தது, அதனால் பூட்டு இறங்காமலேயே மோட்டார் ஓட முடிந்தது. இரண்டையும் சேர்த்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, கதவை மூடி ஸ்டார்ட் அழுத்திப் பார்க்கிறேன். டிரம் அசையக்கூடாது. பிறகு முழு லோடில் ஓட்டி நிறுத்தி, கைப்பிடியை இழுத்தபடியே ஸ்டாப்வாட்சைப் பார்க்கிறேன். போன முறை டிரம் நின்றது 92 நொடியில், பூட்டு திறந்தது 95-இல்.