அத்தைக்கு எழுதிய பஸ் கடிதம்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூரில், தெங்காவில் புது வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று அத்தையை டாக்சியில் அழைத்து வந்தேன். திரும்பிப் போகும்போதே சொல்லிவிட்டார்: “இனிமே டாக்சியெல்லாம் வேண்டாம்மா. எந்த பஸ்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. நானே வந்துக்கிறேன்.”

அத்தைக்கு 76 வயது. கிளமெண்டியில் தனியாக இருக்கிறார். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும்தான். கைப்பேசி பேசுவதற்கு மட்டும். எஸ்கலேட்டரில் ஒருமுறை சேலை மாட்டிக்கொண்டதிலிருந்து எம்ஆர்டி ரயில் பக்கமே போவதில்லை. ஆக, பஸ்தான். அன்று இரவே உட்கார்ந்து கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். ஒன்றரை வருடத்தில் அதை இரண்டு முறை திருத்தி எழுதியாயிற்று. இப்போது அரைப் பக்கம்தான் இருக்கிறது.

முதல் பாதி இன்றுவரை மாறவில்லை. கிளமெண்டி இன்டர்சேஞ்சில் 173 எடுக்க வேண்டும். அது புக்கிட் பாத்தோக் இன்டர்சேஞ்சில் போய் முடியும். “எல்லாரும் இறங்குவார்கள், நீங்களும் இறங்குங்கள்” என்று எழுதியிருந்தேன். முனையில் ஏறி முனையில் இறங்குவதில் எண்ணவும் வேண்டாம், ஜன்னல் வழியே பார்க்கவும் வேண்டாம். எம்ஆர்டியில் சீக்கிரம் வந்துவிடலாமே என்று என் கணவர் இன்னமும் கேட்கிறார். அத்தைக்கு என்ன அவசரம்? புக்கிட் பாத்தோக்கில் ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவார். இறங்கிய 45 நிமிடத்துக்குள் ஏறினால் இரண்டு பஸ்ஸும் ஒரே பயணக் கணக்கில் வரும் என்பதையும் எழுதிவைத்தேன். அதை மட்டும் மறக்கவே மாட்டார்.

சிக்கல் எல்லாம் இரண்டாவது பஸ்ஸில். அங்கிருந்து 992 எடுக்க வேண்டும். முதல் கடிதத்தில், “எட்டாவது நிறுத்தத்தில் இறங்குங்கள். அதற்கு முன்னால் இடப்பக்கம் நீளமாகப் பச்சைத் தகர வேலி வரும். அதைப் பார்த்ததும் மணி அடியுங்கள்” என்று எழுதியிருந்தேன். படிக்கத் தெளிவாகத்தானே இருக்கிறது? மூன்றாவது முறை வரும்போதே காலை வாரிவிட்டது.

அத்தை எண்ணியது பஸ் நின்ற இடங்களை. நான் எழுதியது கம்பம் நட்ட இடங்களை. ஏற ஆள் கை காட்டாமல், இறங்க யாரும் மணி அடிக்காமல் இருந்தால் பஸ் நிற்காமல் போய்விடும் என்பது தினமும் பஸ்ஸில் போகிற எனக்கு எழுதத் தோன்றவே இல்லை. அன்று இரண்டு நிறுத்தங்களில் பஸ் நிற்கவில்லை. அத்தைக்கு எட்டு என்பது உண்மையில் பத்து. பச்சை வேலியும் கைகொடுக்கவில்லை. கட்டிக்கொண்டே இருக்கிற ஊரில் வேலியை அடையாளம் சொன்னது என் புத்தி. அந்த மாதமே கழற்றிவிட்டிருந்தார்கள்.

போன் வந்தது. “எங்க நிக்கிறேன்னே தெரியலம்மா. சுத்திலும் மண்ணும் கிரேனுமா இருக்கு.” பக்கத்தில் ஆள் இல்லை. கடைசியில்தான் கேட்டேன்: “அத்தை, பஸ் ஸ்டாப் கம்பத்துல அஞ்சு எண் சேர்ந்தாப்ல எங்கயாச்சும் இருக்கா பாருங்க.” ஒவ்வொன்றாகப் படித்தார். கைப்பேசியில் தட்டினேன், இடம் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் போய் அழைத்து வந்தேன்.

இரண்டாவது கடிதம் அந்த ஐந்து இலக்க எண்ணை நம்பி எழுதியது. ஊரில் எல்லா நிறுத்தத்துக்கும் அந்த எண் உண்டு, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆனால் ஓடுகிற பஸ்ஸுக்குள்ளிருந்து கம்பத்து எண்ணைப் படிக்க முடியாது. இறங்கிய பிறகு சரிபார்க்கத்தான் அது உதவும். அதனால் எண்ணைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் விரல் நீளத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஏறும்போது ஓட்டுநரிடம் காட்டிவிட்டு முன்பக்க முதியோர் இருக்கையில் உட்கார வேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்கள் அந்த இடம் வந்ததும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்களாம். ஒருவர் மறந்துவிட்டார். அதற்கும் சேர்த்து, உடம்புக்குத் தெரிகிற அடையாளம் ஒன்று வைத்தேன்: “பஸ் வலப்பக்கம் பெரிதாக ஒரு வளைவு எடுக்கும். நீங்கள் ஜன்னல் பக்கம் சாய்வீர்கள். நிமிர்ந்ததும் மணி அடியுங்கள்.” வேலியைக் கழற்றலாம், சாலை வளைவை அவ்வளவு லேசில் மாற்ற மாட்டார்கள். கடிதத்திலேயே நன்றாக உழைத்த வரி இதுதான்.

சில பஸ்களில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் திரையில் ஓடும். பெயர் ஆங்கிலம் என்றாலும் புளோக் எண் இருந்தால் அத்தை பிடித்துக்கொள்வார். எல்லா பஸ்ஸிலும் திரை இல்லாததால் அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

திரும்பிப் போகிற வழிக்கு முதல் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: “வந்த மாதிரியே போங்கள்.” அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அத்தை சொன்னபடியே செய்தார். இறங்கின நிறுத்தத்திலேயே நின்று பஸ் ஏறினார். அது அவரைத் தெங்காவில் புதிதாகத் திறந்த இன்டர்சேஞ்சுக்குக் கொண்டுபோய் விட்டது. வீட்டுக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், அதனாலேயே எழுதவில்லை. இரண்டு பக்கக் கம்பத்திலும் எங்கள் புளோக் எண்தான் எழுதியிருக்கிறது. ஒன்றில் மட்டும் முன்னால் ‘ஆப்’ என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, எதிர்ப்பக்கம் என்பதன் சுருக்கம். மூன்றாவது கடிதத்தில் அதைப் படமாகவே வரைந்துவிட்டேன்: ஒரு வட்டம், பக்கத்தில் வால் கீழே இறங்கிய இரண்டு எழுத்து. கூடவே ஐந்து இலக்க எண்ணின் கடைசி எண்ணைச் சிவப்பில் எழுதினேன். வரும்போது இறங்குவது 9, போகும்போது ஏறுவது 1. பல இடங்களில் எதிரெதிர் நிறுத்தங்களுக்கு இப்படித்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். அத்தைக்குப் படத்தைவிட 9-ம் 1-ம்தான் பிடித்தது.

அந்த இன்டர்சேஞ்சால் ஒரு நன்மையும் கிடைத்தது. நிறுத்தத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று முதல் இரண்டு கடிதத்திலும் இல்லை. இப்போது இருக்கிறது: “பதறி நடுவழியில் இறங்க வேண்டாம். கடைசிவரை உட்கார்ந்திருங்கள். கடைசி நிறுத்தத்தில் கூரை, நாற்காலி, கழிவறை இருக்கும். அங்கிருந்து போன் செய்யுங்கள்.” இதுவரை இரண்டு முறை பயன்பட்டது. இரண்டு முறையும் பின்வாசலில் அட்டையைத் தட்டாமல் இறங்கிவிட்டார் என்பது வேறு கதை. தட்டாவிட்டால் பஸ் போகிற கடைசி நிறுத்தம்வரைக்கும் காசு போகும் என்றேன். “கடைசி வரைக்கும்தானே போனேன்?” என்றார்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கடிதம் பேனா மையில் எழுதியது, குடையோடு ஒரே பையில் கிடந்து ஊறிப்போனது. இப்போது உள்ளது பிளாஸ்டிக் உறை போட்டது, பயண அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டில் கட்டியிருக்கிறார்.

போன வாரம் அந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி வரியில் “லிஃப்டில் ஏறி எங்கள் மாடிக்கு வாருங்கள்” என்று இருந்ததை அத்தை பென்சிலால் அடித்திருந்தார். மேலே அவர் கையெழுத்தில்: “இடது லிஃப்ட். வலது லிஃப்ட் நம்ம மாடியில் நிக்காது.” போய்ப் பார்த்தேன், நிஜம்தான்.