சின்ன ஹால், தாழ்ந்த சீலிங்: இரண்டு சோபாக்களோடு ஏழு வருடம்

எங்கள் ஃபிளாட் சென்னையில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. ஹால் ஒன்பதரை அடி அகலம், பன்னிரண்டே முக்கால் அடி நீளம். முன்பு குடியிருந்தவர்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டார்கள், அதனால் தரையிலிருந்து மேலே எட்டரை அடிதான். நீள சுவர் ஒன்றில் ஜன்னல், எதிர்ச் சுவரில் டிவி. ஒரு கோடியில் வாசல் கதவு, மறு கோடியில் படுக்கையறைக் கதவு. வீட்டுக்குள் யார் எங்கே போனாலும் டிவிக்கும் டீப்பாய்க்கும் நடுவே நடந்துதான் போக வேண்டும். இதைச் சொல்லாமல் சோபாவைப் பற்றிப் பேச முடியாது.

முதல் சோபாவைக் கடையில் பார்த்து வாங்கினோம். மூன்று பேர் உட்காரும் அளவு, நீளம் 84 இன்ச், ஆழம் 38 இன்ச். கடையில் சீலிங் பதினான்கு அடிக்குக் குறையாது. சுற்றிலும் நடக்க இடம். அங்கே அது ஒல்லியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் யானையைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. வந்த அன்றே தொல்லை. வாசல் திறப்பு 34 இன்ச், சோபாவின் ஆழம் 38, முதுகு உயரம் 37. படுக்கப் போட்டாலும் நிமிர்த்தினாலும் நேராக நுழையவில்லை. கால்களைக் கழற்றி, ஒரு முனையை முதலில் உள்ளே விட்டு, வளைத்துத் திருப்பித்தான் ஏற்றினார்கள். கதவுச் சட்டத்தில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஹாலின் அகலம் 114 இன்ச். திரைச்சீலைக்காக சுவரிலிருந்து விட்ட இடைவெளி 2, சோபா 38, டீப்பாய்க்கும் சோபாவுக்கும் நடுவே கால் வைக்க 14, டீப்பாய் 20, டிவி ஸ்டாண்டு 16. கூட்டினால் 90. நடக்க மிஞ்சியது 24 இன்ச், அதாவது இரண்டடி. கையில் சாம்பார்ப் பாத்திரத்தோடு வருபவர் ஒருக்களித்து வர வேண்டும். டிவி ஸ்டாண்டின் டிராயரைத் திறந்தால் பாதையே அடைபட்டுவிடும்.

ஆனால் எங்களை உண்மையில் படுத்தியது உட்காரும் ஆழம்தான். கடைக்காரர் சொல்லும் ‘டெப்த்’ பெரும்பாலும் சோபாவின் முன்னாலிருந்து பின்னால் வரை உள்ள மொத்த அளவு. நாம் உட்காரும் பலகையின் ஆழம் வேறு: மெத்தையின் முன் விளிம்பிலிருந்து முதுகு மெத்தையின் முகம் வரை. எங்கள் முதல் சோபாவில் அது 24 இன்ச். என் கணவர் 5 அடி 10 இன்ச், அவருக்கு அது சொர்க்கம். நான் 5 அடி 3. முதுகைச் சாய்த்தால் பாதம் தரையைத் தொடாது, பாதத்தை ஊன்றினால் முதுகு அந்தரத்தில் நிற்கும். அத்தை 4 அடி 11. அவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டார். “அது படுக்கிறதுக்குச் செஞ்சது, உட்கார்றதுக்கு இல்ல” என்றார். சரிதான்.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது இதெல்லாம் பிடிபடவே பிடிபடாது. செருப்போடு உட்காருகிறோம், நுனியில் உட்காருகிறோம், கடைப்பையன் எதிரே நிற்கிறான். அதைவிட இன்னொன்று, புது சோபாவின் ஆழம் பிறகும் அப்படியே இருக்காது. எங்களுடையதில் முதுகுக்குத் தனித்தனி மெத்தைகள், உள்ளே பஞ்சு மாதிரியான ஃபைபர். ஒன்றரை வருடத்தில் அவை தட்டையாகிவிட்டன. டேப் வைத்து அளந்தால் 24 என்பது 26 ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் இடுப்பு இன்னும் பின்னே சறுக்கும், முழங்கால் மேலே எழும், எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். முதுகில் கழற்றக்கூடிய மெத்தை வைத்த சோபா வாங்குகிறவர்கள் கடையில் அளக்கும் ஆழத்தோடு மனதுக்குள் இரண்டு இன்ச் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தாழ்ந்த சீலிங் பிரச்சினை எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஹால் ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது என்று பெயிண்டை மாற்றினேன், பல்பை மாற்றினேன். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து சரியாக மூன்றடியில் இருக்கிறது. சோபாவின் முதுகு 37 இன்ச், அதற்கு மேல் மெத்தை பொங்கி நிற்கும். ஜன்னலின் அடிப்பகுதியை சோபாவே அடைத்து வைத்திருந்தது. வெளிச்சமும் போச்சு, காற்றும் போச்சு. சுவரில் சோபாவுக்கு மேலே தெரியும் பட்டை குறையக் குறைய சீலிங் இன்னும் இறங்கி வந்த மாதிரி தோன்றும்.

ஃபேன் விஷயத்தைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சீலிங் எட்டரை அடி என்றால் ஃபேன் இறக்கை தரையிலிருந்து சுமார் 88 இன்ச் உயரத்தில் சுற்றுகிறது. 1200 மில்லிமீட்டர் ஃபேன், ஹாலின் நடுவில், சுவரிலிருந்து 57 இன்ச்சில் தொங்குகிறது. இறக்கையின் நுனி சுவரிலிருந்து 33 இன்ச் வரை வரும். சோபாவின் முன் விளிம்போ 40-வது இன்ச்சில். அதாவது உட்காரும் இடத்தின் முன்பகுதி ஏழு இன்ச் ஃபேனுக்கு நேர் கீழே. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. 17 இன்ச் சோபா மேல் ஏறி நின்று கையைத் தூக்கினால்? ஒரு நாள் நாத்தனார் பையன் சோபா மேல் குதித்துக்கொண்டே துண்டைச் சுழற்ற, துண்டு ஃபேனில் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, துண்டோடு போனது. அன்று மாலைதான் டேப்பை எடுத்து மேலேயும் அளந்தேன்.

மூன்று வருடத்தில் வந்த விலைக்கு விற்றுவிட்டு, இரண்டாவதைச் செய்யச் சொன்னோம். இந்த முறை முதலில் ஆட்களை அளந்தேன். முதுகு நிமிர்ந்த மர நாற்காலியில் இடுப்பு பின்னே ஒட்டும்படி உட்கார வைத்து, முதுகுப் பலகையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் பிடித்தேன். அத்தைக்கு 17, எனக்கு 18, கணவருக்கு 20. முழங்கால் மடிப்புக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் போக வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். அதற்கு இரண்டு இன்ச் கழிக்க வேண்டும். சோபாவில் கொஞ்சம் சாய்ந்துதானே உட்காருவோம், சாய்ந்தால் இடுப்பு ஒன்றிரண்டு இன்ச் முன்னே வரும், அதற்குக் கூட்ட வேண்டும். கணவர் 22 கேட்டார். நான் 19 என்றேன். 20-ல் முடிந்தது. ஆழம் கூடினால் முதுகில் ஒரு தலையணை வைத்துச் சமாளிக்கலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஹாலில் கூடும் ஒவ்வொரு இன்ச்சும் நடைபாதையிலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் கோலமாவை எடுத்துத் தரையில் சோபாவின் எல்லையைக் கோடாகப் போட்டேன். முதலில் 34 இன்ச் ஆழத்துக்கு. மாலைக்குள் முன்கோட்டின் ஒரு பகுதி அழிந்திருந்தது. படுக்கையறைக்குத் திரும்பும் மூலையில் எல்லோரும் மிதித்திருக்கிறார்கள். 31 இன்ச்சுக்குக் கோட்டை நகர்த்தினேன். இரண்டு நாள் ஆகியும் கோடு அப்படியே இருந்தது. செய்தித்தாள் விரிப்பதைவிட இது நல்ல வழி. பேப்பரைப் பார்த்தால் ஆட்கள் விலகிப் போவார்கள், கோலமாவை யாரும் கவனிப்பதில்லை.

சோபா செய்தவர் 31 இன்ச்சைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். “உட்கார 20 போச்சுன்னா மிச்சம் 11 தானேக்கா, முதுகு எங்க வைக்கிறது?” என்றார். கடைசியில் பின்சட்டத்துக்கு 4, முதுகு ஃபோமுக்கு 4, சாய்வுக்கு 3 என்று பிரித்தார். முதுகை நிலையாகவே வைக்கச் சொன்னேன், கழற்றும் மெத்தை வேண்டாம். உட்காரும் மெத்தைகள் மட்டும் ஒரே அளவில் மூன்று, தனித்தனியாக, 40 டென்சிட்டி ஃபோம். முதுகு உயரம் 31 இன்ச், ஜன்னல் கட்டைக்குக் கீழேயே நின்றுவிடும். தாழ்ந்த சீலிங்குக்கு உட்காரும் உயரத்தையும் குறை, 14 இன்ச் போதும் என்று ஒரு தெரிந்தவர் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முழங்கால் வலியுள்ள அத்தை அதிலிருந்து எழுந்திருக்கவா? 17-ஐ விடவில்லை.

நீளத்தில்தான் எதிர்பாராத லாபம். பழைய சோபாவில் கைப்பிடி ஒவ்வொன்றும் 9 இன்ச். 84-ல் 18 போனால் உட்கார 66. புதியதில் கைப்பிடி 4 இன்ச்தான். மொத்த நீளம் 72, உட்கார 64. ஓர் அடி நீளம் குறைந்தும் உட்காரும் இடத்தில் இரண்டு இன்ச்தான் போனது. அந்த ஓர் அடியில் இப்போது படுக்கையறைக் கதவு முழுதாகத் திறக்கிறது.

நான்கு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடைபாதை 31 இன்ச், எதிரெதிரே வந்தால் ஒருவர் லேசாக ஒதுங்கினால் போதும். சோபாவின் முன் விளிம்பு சுவரிலிருந்து 33-ல் முடிகிறது, ஃபேன் நுனியும் அங்கேயே முடிகிறது. ஆழத்தைப் போன மாதம் அளந்தேன், 20 என்பது இருபதரை. உட்காரும் உயரம் முக்கால் இன்ச் இறங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை மூன்று மெத்தைகளையும் இடம் மாற்றித் திருப்பிப் போடுகிறேன். அப்படியும் கணவரின் மூலையில் பள்ளம் தெரிகிறது. அது மெத்தையால் வந்ததில்லை, அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டி தளர்ந்தது. மெத்தையை எடுத்துவிட்டுக் கையால் பட்டியை அழுத்தினால் மற்ற இடங்களைவிட அங்கே கூடுதலாக இறங்குகிறது. பட்டி மட்டும் மாற்ற வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. 31 இன்ச் முதுகு தோளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, தலையைச் சாய்க்க இடமில்லை. கணவர் கிரிக்கெட் பார்க்கும்போது கழுத்துத் தலையணை மாட்டிக்கொண்டு விமானத்தில் போகிறவர் மாதிரி உட்காருகிறார். 4 இன்ச் கைப்பிடியில் காபி டம்ளர் நிற்காது, இரண்டு முறை கொட்டிய பிறகு பக்கத்தில் ஒரு முக்காலி போட்டோம். மதியம் படுக்கிறவர் ஐந்தேகால் அடிக்கு மேல் உயரமென்றால் காலை மடக்கியாக வேண்டும்.

அத்தைக்கு மட்டும் 4 இன்ச் கனத்தில் ஒரு கெட்டியான முதுகுத் தலையணை தைத்துக் கொடுத்தோம். அவருக்கு ஆழம் 16 ஆகிவிடுகிறது, பாதம் தரையில் படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலி இப்போது பால்கனியில், துணி காயப்போட.