அலமாரியில் உறங்கும் வன்தட்டை எப்போது மாற்றுவது: வயதா, ஸ்மார்ட் அறிக்கையா, முழு வாசிப்பா?

எங்கள் சிறிய ஆவணப்படக் குழுவின் மூலப் பதிவுகள் அனைத்தும் 4 டெராபைட் கொள்ளளவுள்ள பன்னிரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு என்பதால் இவை ஆறு இணைகள். படத்தொகுப்பு முடிந்ததும் அலமாரிக்குப் போகும் தட்டு, யாராவது பழைய காட்சியைக் கேட்கும்வரை வெளியே வருவதில்லை. இத்தகைய தட்டைப் பழுதாகும் முன்பே மாற்ற மூன்று வழிகள் பேசப்படுகின்றன: குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்ததும் மாற்றுவது, தட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கை எச்சரித்தால் மாற்றுவது, அவ்வப்போது முழுவதையும் படித்துப் பார்த்து முடிவு செய்வது. மூன்றையும் நாங்கள் கையாண்டு பார்த்திருக்கிறோம்.

வயதை மட்டும் பார்க்கும் வழி எளிமையானது. தட்டின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டினால் போதும், மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் அலமாரித் தட்டுக்கு எது வயது என்பதே தெளிவாக இல்லை. ஸ்மார்ட் அறிக்கையின் ஒன்பதாம் எண்ணான Power_On_Hours, தட்டு மின்சாரத்தில் இருந்த மணிநேரத்தையே கணக்கிடுகிறது. ஆறு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த தட்டு ஆயிரம் மணிநேரம் மட்டுமே காட்டக்கூடும். தவிர, தட்டுகள் முதுமையில் மட்டும் பழுதாவதில்லை. வாங்கிய சில மாதங்களிலேயே போகும் தட்டுகளும் உண்டு என்பதால், நாட்காட்டியை மட்டும் நம்பி மாற்றுகிறவர் பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்த ஒன்றைக் கழித்துவிட்டு, இன்னும் சோதிக்கப்படாத ஒன்றின் கையில் பதிவுகளை ஒப்படைக்கிறார்.

ஸ்மார்ட் அறிக்கை தட்டின் உண்மை நிலையை நெருங்கிப் பேசுகிறது. ஆனால் அதைப் படிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். மேலே தெரியும் PASSED என்ற சொல்லை நம்பிப் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்குக் கீழே ஏதாவது ஒரு மதிப்பு இறங்கினால்தான் அந்தச் சொல் மாறும். அந்த எல்லை மிகவும் தளர்வானது. பார்க்க வேண்டியவை RAW_VALUE என்ற கடைசி நெடுவரிசையில் உள்ள சில எண்கள்: தட்டு தரவை எழுதும் சிறு பகுதிகளான செக்டார்களில் மாற்றிடம் தரப்பட்டவற்றைச் சொல்லும் 5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்களைச் சொல்லும் 197, மீட்க முடியாதவற்றைச் சொல்லும் 198. இவை பூஜ்யத்தில் இருக்க வேண்டும். தரவு கடந்து வரும்போது நேரும் பிழைகளைச் சொல்லும் 199 ஏறினால் பெரும்பாலும் கேபிளையோ இணைப்பையோ மாற்ற வேண்டும், தட்டை அல்ல. சீகேட் தட்டுகளில் முதலாம் எண் கோடிக்கணக்கில் தெரிவது அந்த நிறுவனம் எண்ணைப் பதியும் முறையால்தான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே பழுதாயின என்று சொன்னார்கள். இணையவழிச் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் 2016இல் ஐந்து எண்களைக் கொண்டு கணக்கிட்டபோது, பழுதான தட்டுகளில் ஏறத்தாழ கால்பங்கு எச்சரிக்கையின்றிப் போயிருந்தன. இவை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்த தட்டுகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அலமாரித் தட்டின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஒரு செக்டாரைப் படிக்க முயன்று தோற்றால்தான் 197 ஏறும். மூன்று ஆண்டுகளாக யாரும் படிக்காத தட்டில் அந்த எண் பூஜ்யமாக இருப்பது, தட்டு நலமாக இருப்பதற்குச் சான்று அல்ல. யாரும் பார்க்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

இதை நாங்கள் 2018இல் வாங்கிய ஒரு தட்டில்தான் உணர்ந்தோம். அலமாரியிலிருந்து எடுத்து மாட்டியவுடன் வந்த அறிக்கையில் PASSED என்று இருந்தது. 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். யுஎஸ்பி வழியாக இணைத்திருந்ததால் smartctl கட்டளையில் `-d sat` சேர்த்து, தட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையைத் தொடங்கினோம்.

```
smartctl -d sat -t long /dev/sdb
smartctl -d sat -a /dev/sdb
```

சோதனை தட்டுக்குள்ளேயே நடக்கிறது. 4 டெராபைட்டுக்கு ஏறத்தாழ எட்டு மணிநேரம் ஆகும். சில யுஎஸ்பி பெட்டிகள் இடையில் தட்டைத் தூங்க வைத்துச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், முடியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாவது கட்டளையைத் தந்துகொண்டிருந்தோம். மூன்று மணிநேரம் கடந்தபின் பதிவேட்டில் இந்த வரி வந்தது.

```
# 1  Extended offline  Completed: read failure  60%  1147  3562480192
```

60% மீதமிருக்கையில் சோதனை நின்றுவிட்டது. கடைசி எண், படிக்க முடியாத முதல் இடம். இப்போது 197 எட்டாக ஏறியிருந்தது. இத்தகைய தட்டுகளில் 4096 பைட்டுள்ள ஓர் உண்மைச் செக்டார் வெளியே எட்டுச் சிறு செக்டார்களாகக் காட்டப்படுவதால், எட்டு என்பது பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தின் சேதம். மேலே இன்னமும் PASSED என்றே இருந்தது.

ஒரே ஒரு செக்டார்தானே என்று விட்டுவிட முடியாது. எம்பி4 கோப்பில் காட்சித் தரவின் நடுவே அது விழுந்தால் சில நொடிகள் சிதறும். காட்சிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் moov பகுதியில் விழுந்தால் கோப்பு முழுவதுமே திறக்காமல் போகலாம். கேமராக்கள் பலவும் அப்பகுதியைக் கோப்பின் இறுதியில்தான் எழுதுகின்றன. எங்களுக்கு இணைத் தட்டு நலமாக இருந்ததால் அதிலிருந்தே புதிய பிரதி எடுத்தோம். சேதமடைந்த தட்டில் சோதனையை மீண்டும் ஓட்டவில்லை. ஒருவேளை இணையும் கைவிட்டிருந்தால், சேதமடைந்த தட்டில் மிஞ்சியதை ddrescue என்ற மீட்பு மென்பொருள் கொண்டு எடுக்கும் வாய்ப்பை அந்தச் சோதனை குறைத்துவிடும்.

மூன்றாவது வழி, பதிவுகளை அலமாரிக்கு அனுப்பும்போதே, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளமான செக்சத்தை ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எடுத்து வைத்து, பின்னர் பிரதியோடு ஒப்பிடுவது.

```
sha256sum --quiet -c pathivu.sha256
```

இதற்கும் ஏறத்தாழ எட்டு மணிநேரம் ஆகும். ஆனால் கிடைப்பது நீண்ட சோதனையைவிட அதிகம் என்பது என் முடிவு. கோப்புகள் இருக்கும் எல்லாச் செக்டார்களும் இதில் படிக்கப்படுவதால், முடிந்தபின் எடுக்கும் ஸ்மார்ட் அறிக்கை நம்பத் தக்கதாகிறது. தட்டுக்கே தெரியாமல், பிரதியெடுக்கும்போது தவறாக எழுதப்பட்ட கோப்பையும் இது பிடித்துவிடும். அதை ஸ்மார்ட் ஒருபோதும் காட்டாது. இது தொடாதது காலி இடத்தை மட்டும்தான். எனவே இருக்கும் தட்டுகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செக்சம் ஒப்பீடும் உடனே ஒரு ஸ்மார்ட் அறிக்கையும், புதிதாக வரும் தட்டுக்கு எழுதும் முன் நீண்ட சோதனையும் என்று பிரித்துக்கொண்டோம். பிரதி எடுத்த கையோடு ஒப்பிட்டால் கணினியின் நினைவகத்திலிருந்தே விடை வந்துவிடக்கூடும் என்பதால், தட்டைக் கழற்றி மீண்டும் மாட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

197 அல்லது 198 பூஜ்யத்தை விட்டு நகர்ந்தாலே அந்தத் தட்டை மூலப் பதிவிலிருந்து விலக்கிவிடுகிறோம். 5 மட்டும் சிறிதளவு ஏறி, அடுத்த சோதனையிலும் அப்படியே நின்றால் ஒரு சுற்று பொறுக்கிறோம். மேலும் ஏறினால் விலக்குகிறோம்.

வயதுக்கு நான் இடம் கொடுப்பது ஒரே ஓர் இடத்தில்தான். எங்கள் இணைகளில் சிலவற்றை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில் வாங்கிவிட்டோம். ஒரே உற்பத்திக் குறை இரண்டையும் தாக்கினால் இரண்டு பிரதிகள் இருந்தும் பயனில்லை. ஆகவே ஐந்து ஆண்டு கடந்த ஒவ்வோர் இணையிலும், அறிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு தட்டை வேறு மாடலுக்கு மாற்றி, கழித்ததை மூன்றாவது பிரதியாக வேறு கட்டடத்தில் வைக்கிறோம். பழுதான தட்டின் இணையும் 2018இல் அதே நாளில் வாங்கியதுதான். இந்தச் சுற்றில் முதலில் மாறப்போவது அது.