எலக்ட்ரானுக்கு எந்தக் கை? இடக்கை விதியும் உள்ளங்கை விதியும்

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு மாணவர் கையில் இருப்பது ஃபிளெமிங்கின் இடக்கை விதி. துணைப்பாட வகுப்புகளிலோ தொடக்கக் கல்லூரியிலோ சிலர் வலது உள்ளங்கை விதியையும் கற்கிறார்கள். காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத்தின் மீதான விசையின் திசையைக் காண எது வசதி என்று ஒரே கணக்கில் பார்த்துவிடலாம்.

நம் தீவில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கிறது. சிறு சாய்வை ஒதுக்கிவிட்டு, அதன் அளவை 40 மைக்ரோடெஸ்லா என்று கொள்வோம். ஒரு வெற்றிடக் குழாயில் எலக்ட்ரான் விநாடிக்கு 2 கோடி மீட்டர் வேகத்தில் கிழக்கே பாய்கிறது. விசை எந்தப் பக்கம்?

இடக்கை விதியில் ஆள்காட்டி விரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே மின்னோட்டம் மேற்கே. ஆள்காட்டி விரலை வடக்கே வைத்து, நடுவிரலை மேற்கே கொண்டுபோக முன்கையையே முறுக்க வேண்டும். அப்போது கட்டைவிரல் கீழே காட்டும். விடை சரிதான். ஆனால் தேர்வுக் கூடத்தில் இந்த முறுக்கல் நடுவே பலர் விரல்களின் பெயரை மாற்றிவிடுகிறார்கள்.

உள்ளங்கை விதியில் வலக்கையின் நான்கு விரல்கள் வடக்கே, கட்டைவிரல் கிழக்கே, அதாவது துகள் போகும் திசையிலேயே. உள்ளங்கை மேல்நோக்கும். நேர்மின்னூட்டம் என்றால் உள்ளங்கை தள்ளும் பக்கம், எலக்ட்ரான் என்றால் புறங்கைப் பக்கம். விடை கீழ்நோக்கியே; கையைத் திருப்பவே வேண்டாம். விசை 1.28×10⁻¹⁶ நியூட்டன்தான், ஆனாலும் 30 செ.மீ. தூரத்துக்குள் கற்றை ஏறக்குறைய 1.6 செ.மீ. இறங்கிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இனிதான். எலக்ட்ரான் வடகிழக்கே பாய்ந்தால்? ஃபிளெமிங் விதி மூன்று விரல்களையும் செங்குத்தாகவே கேட்கிறது. புலத்துக்குச் செங்குத்தான திசைவேகக் கூறை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். உள்ளங்கை விதியிலோ கட்டைவிரலை விரல்களை நோக்கி 45 பாகை சாய்த்தால் போதும். உள்ளங்கை அசையாது, விசையின் திசையும் மாறாது; அளவு மட்டும் sin 45°, அதாவது 0.7 மடங்காகும். துகள் வடக்கே போனால் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டிவிடும். அப்போது விசையே இல்லை. F = qvB sin θ என்பதை இந்தக் கை அப்படியே நடித்துக் காட்டுகிறது.

மின்னோட்டம் பாயும் கம்பி, மோட்டார் ஆகிய கேள்விகளுக்கு இடக்கை விதியே எனக்குப் பிடிக்கும்; விடைத்தாளில் காரணம் எழுதும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். துகள் என்றால் தயங்காமல் உள்ளங்கை.

இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. எலக்ட்ரான் என்பதற்காக மின்னோட்டத்தையும் திருப்பி, கையையும் மாற்றினால் இரு திருப்பங்களும் ஒன்றையொன்று அழித்து, புரோட்டானின் விடை வந்து நிற்கும். ஐயம் வந்தால் முதலில் புரோட்டானுக்குத் திசை கண்டுபிடித்து எழுதுங்கள்; எலக்ட்ரானின் விடை அதற்கு நேரெதிராக இருக்கிறதா என்று பாருங்கள்.