வலைத்தளம் செய்து கொடுத்தவர்கள் விட்டுச்சென்ற ஓட்டை: ஓர் எச்சரிக்கை

எங்கள் செக்கு எண்ணெய் வணிகத்துக்காக ஒரு நிறுவனம் வலைத்தளம் செய்து கொடுத்தது. சில மாதங்களில், பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்த எங்கள் வங்கிக் கணக்கு எண் வேறொருவருடையதாக மாறியிருந்தது. வாடிக்கையாளர்கள் அனுப்பிய பணம் எங்களுக்கு வராததால்தான் அது தெரியவந்தது. கடவுச்சொல்லை யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்று அந்த நிறுவனம் கைகழுவியது. ஆனால் கணக்கு எண் மாறிய நேரத்தில் அட்மின் பக்கத்தைத் திறந்திருந்தது எங்கள் கணினி மட்டுமே என்று சர்வர் பதிவுகள் காட்டின.

விஷயம் ஓர் ஆர்டரில் இருந்தது. அதன் விநியோகக் குறிப்பு, திரையில் வெறுமையாகத் தெரிந்தாலும், பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தபோது அங்கே ஒரு ஸ்கிரிப்ட் குறிச்சொல் கிடந்தது. அட்மின் பக்கம் அந்தக் குறிப்பை இப்படித்தான் அச்சிட்டது:

```php
<td><?= $order['note'] ?></td>
```

வாடிக்கையாளர் தட்டச்சு செய்தது எதுவானாலும் அது அப்படியே பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லாக மாறிவிடுகிறது. எது நாம் எழுதிய நிரல், எது வெளியாள் எழுதிய உரை என்று பிரவுசருக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டும் ஒரே முகவரியிலிருந்து வருவதால் இரண்டையும் சமமாக நம்பும். அந்த ஸ்கிரிப்ட் எங்கள் உள்நுழைவைப் பயன்படுத்தி அமைப்புகள் பக்கத்தைப் படித்து, புதிய கணக்கு எண்ணுடன் அதே படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டது. கடவுச்சொல்லோ குக்கீயோ திருடப்படவேண்டிய தேவையே இல்லை. இதைத்தான் சேமிக்கப்பட்ட வகை கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்கிறார்கள்: ஒருவர் ஒருமுறை எழுதிவைத்தது, பக்கத்தைத் திறப்பவர் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் இயங்குகிறது.

இதை எடுத்துக்காட்டிய பிறகு அவர்கள் செய்த முதல் ‘திருத்தம்’ இது:

```php
$note = str_replace('<script>', '', $note);
```

எங்களைத் தாக்கிய குறிச்சொல்லையே இது தடுக்காது, ஏனெனில் அதில் `<script` என்பதற்கும் `>` என்பதற்கும் நடுவே ஒரு `src` இருந்தது. பெரிய எழுத்தில் `<SCRIPT>` என்று எழுதினாலும் தப்பிவிடும். `<scr<script>ipt>` என்று எழுதினால் நடுவில் உள்ளது நீக்கப்பட்டு, மிச்சம் ஒட்டிக்கொண்டு முழுக் குறிச்சொல்லாகிவிடும். ஸ்கிரிப்ட் என்ற சொல்லே இல்லாமலும் வேலை நடக்கும்:

```html
<img src=x onerror=alert(1)>
```

தடைப்பட்டியல் போடும் இந்த வழி தோற்பது புதிதல்ல. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத் தளம் `javascript` என்ற சொல்லை நீக்கிக்கொண்டிருந்தது. சாமி காம்கர் என்ற பயனர் அச்சொல்லின் நடுவே ஒரு வரி முறிப்பை வைத்தார், பிரவுசர் அதைப் பொருட்படுத்தாமல் இயக்கியது. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பக்கங்களுக்கு அவருடைய நிரல் பரவியது.

இரண்டாவது முறை, படிவத்திலிருந்து வருவதை எஸ்கேப் செய்தே, அதாவது ஹெச்டிஎம்எல்லில் தனிப் பொருளுள்ள குறிகளை வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றியே, தரவுத்தளத்தில் சேமித்தார்கள். இது பாதிக் கிணறு தாண்டிய கதை. முன்பே சேமிக்கப்பட்டிருந்த அந்த ஆர்டர் அப்படியே இருந்தது; தவிரவும், ‘மீனா & கோ’ என்ற வாடிக்கையாளரின் கூரியர் சீட்டில் `மீனா &amp; கோ` என்று அச்சாகத் தொடங்கியது. கூரியர் சீட்டு ஹெச்டிஎம்எல் அல்லவே. ஒரு தரவு எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது சேமிக்கும்போது தெரியாது, வெளியிடும்போதுதான் தெரியும். ஆகவே அது எழுதப்பட்டபடியே சேமிக்கப்பட்டு, ஒவ்வோர் இடத்திலும் வெளியிடும்போது அந்த இடத்துக்கு ஏற்ப எஸ்கேப் செய்யப்படவேண்டும்:

```php
<td><?= htmlspecialchars($order['note'], ENT_QUOTES, 'UTF-8') ?></td>
```

இப்போது `<` என்பது `&lt;` ஆகிறது. பிரவுசர் அதைக் குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாகக் காட்டுகிறது. அந்தப் பழைய ஆர்டரின் குறிப்பும் முழுவதுமாகத் திரையில் வாசிக்கக் கிடைத்தது. `ENT_QUOTES` என்பதை வெளிப்படையாக எழுதுவது நல்லது. பிஹெச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அது இல்லாவிட்டால் ஒற்றை மேற்கோள் குறி மாற்றப்படாது. ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் பண்புக்கூற்றிலிருந்து தாக்குபவர் வெளியேறிவிடலாம்.

இதுவும் எல்லா இடத்துக்கும் போதாது. வாடிக்கையாளர் தரும் இணைய முகவரியை ஓர் இணைப்பின் `href` பண்புக்கூற்றில் வைத்தால், `javascript:alert(1)` என்பதில் மாற்றவேண்டிய எழுத்து எதுவுமே இல்லாததால் அது அப்படியே கடந்துபோகும். அங்கே முகவரி `https://` என்று தொடங்குகிறதா என்று தனியாகச் சரிபார்க்கவேண்டும். எங்கள் தளத்தில் இதையும் அவர்கள் செய்யவில்லை. நாங்கள் கேட்டபோது, அது கூடுதல் பணி என்று தனி விலைப்பட்டியல் அனுப்பினார்கள்.

இந்தப் பணத்தை வேறொருவருக்குக் கொடுத்துச் சரிசெய்தோம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பெயர், முகவரி, குறிப்பு என ஒவ்வொரு கட்டத்திலும் `<b>சோதனை</b>` என்று எழுதி ஓர் ஆர்டர் போட்டுவிட்டு, அட்மின் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். குறிச்சொற்களோடு எழுதியபடியே தெரிந்தால் அந்த இடத்தில் எஸ்கேப் நடக்கிறது. ‘சோதனை’ என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் தெரிந்தால் பணத்தை நிறுத்திவையுங்கள்.