உலாவி நீட்சி தந்த ‘A’ மதிப்பெண்ணை நம்பி அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன்

கோப்புகளைச் சேமிக்க நான் வாங்கிய எஸ்எஸ்டி கருவியைப் பற்றி விற்பனையாளரின் கடைசிப் பதில் நேற்று இரவு வந்தது. “கணினியில் 2 டிபி என்று காட்டுகிறதல்லவா? அப்படியானால் பொருளில் குறை இல்லை” என்பதே அந்தப் பதில். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்ல நினைத்திருக்கிறேன். சரிபார்க்காமல் வாங்கி ஏமாந்திருந்தால் என்னையே நொந்துகொண்டு பேசாமல் இருந்திருப்பேன். நான் சரிபார்த்துவிட்டு ஏமாந்தவன்.

வாங்கியது 2 டிபி கொள்ளளவுள்ள வெளிப்புற எஸ்எஸ்டி. வாங்கிய இடம், யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய பெரிய இணையச் சந்தைகளுள் ஒன்று. பெயர் பெற்ற நிறுவனங்களின் விலையில் ஏறக்குறையப் பாதிதான் அதன் விலை, ஆனாலும் எனக்கு அது அரை மாதச் சம்பளம். எனவே ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நான்கரை நட்சத்திரங்களும் 2,300-க்கும் மேற்பட்ட மதிப்புரைகளும் இருந்தன. முன்பெல்லாம் மதிப்புரைகள் போலியோ என்ற சந்தேகம் வந்தால் ஃபேக்ஸ்பாட் என்ற கருவியைப் பயன்படுத்திவந்தேன். மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 1 அன்று அதை மூடிவிட்டதால், அதே வேலையைச் செய்வதாகச் சொன்ன வேறொரு நீட்சியை உலாவியில் நிறுவியிருந்தேன். அதன் பொத்தானை அழுத்தினேன். சிறிது நேரம் சுழன்றது, பிறகு பச்சை நிறத்தில் ‘A’ என்று காட்டியது. அந்தப் பச்சையைக் கண்டதும் மனத்தில் இருந்த சந்தேகம் முழுவதும் கரைந்துபோய், மறு நிமிடமே பணம் செலுத்திவிட்டேன்.

எரிச்சலூட்டும் உண்மை என்னவென்றால், அந்த நீட்சி பொய் சொல்லவில்லை. இத்தகைய கருவிகள் மதிப்புரைகளின் போக்கைத்தான் ஆராய்கின்றன: ஒரே நாளில் குவிந்தனவா, ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா, எழுதியவர்கள் எல்லாப் பொருளுக்கும் ஐந்து நட்சத்திரமே தருபவர்களா என்பன போன்றவற்றை. இங்கே பெரும்பாலான மதிப்புரைகள் உண்மையான மனிதர்கள் உண்மையாகவே பணம் கொடுத்து வாங்கிய பின் எழுதியவை. ஆனால் அவர்கள் வாங்கியது கைப்பேசி உறை! நன்றாக விற்றுக்கொண்டிருந்த பழைய உறையின் பக்கத்தை எடுத்து, தலைப்பு, படங்கள், விளக்கம் மூன்றையும் மாற்றி, எஸ்எஸ்டியை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் முகவரியும் அதிலுள்ள பொருள் எண்ணும் மாறாததால், பழைய நட்சத்திரங்கள் அனைத்தும் புதிய பொருளின் கணக்கில் சேர்ந்துவிட்டன.

பணம் போன பிறகு, அதே உலாவியில் பத்தே நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்தேன். மதிப்புரைகளின் வரிசையை ‘பயனுள்ளவை’ என்பதிலிருந்து ‘புதியவை’ என்று மாற்றி, மிகப் பழையவை வரும் வரை தள்ளிக்கொண்டே போனேன். “கையில் வழுக்கவில்லை”, “ஓரங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன” என்று எழுதியிருந்தார்கள். வாங்கியவர்கள் ஏற்றிய படங்களில் முதல் வரிசையைத் தாண்டியதும் கைப்பேசிகளாகவே இருந்தன. பிறகு அந்தப் பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் web.archive.org தளத்தில் இட்டுப் பார்த்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன் சேமிக்கப்பட்ட பிரதி ஒன்று கிடைத்தது. அதே எண், அதே பக்கம், நீல நிறக் கைப்பேசி உறை. எல்லாப் பக்கங்களுக்கும் இப்படிப் பழைய பிரதி கிடைத்துவிடாது என்பதையும், கிடைக்காததாலேயே பொருள் நல்லது என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்எஸ்டியைப் பற்றியே எழுதப்பட்ட புதிய மதிப்புரைகள் சிலவும் இருந்தன, அவையும் புகழ்ந்தன. அவற்றை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், முதல் நாளில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பெட்டிக்குள் இருந்தது 64 ஜிபி நினைவக அட்டை ஒன்றும், அதை 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் சிறு மின்சுற்றும்தான். அறுபது ஜிபி வரை எழுதும்போது எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்கு மேல் எழுதுபவை எங்கும் பதிவாவதில்லை. ஆனால் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் அட்டையின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால், பெயரும் அளவும் சரியாகவே தெரியும். நான் 300 ஜிபி அளவுக்குப் புகைப்படங்களை மாற்றி, கோப்புறைகளின் அளவு பொருந்துவதைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியில் இருந்த மூலங்களை அழித்துவிட்டேன். பத்தொன்பதாம் நாள் ஒரு படத்தைத் திறந்தபோதுதான் அது திறக்கவில்லை, அடுத்ததும் திறக்கவில்லை. H2testw என்ற இலவசச் சோதனை நிரலை ஓட்டியதில், ஏறக்குறைய 59 ஜிபி மட்டுமே தேறியது, மற்றதெல்லாம் இழப்பு என்று வந்தது.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. திருப்பி அனுப்புவதற்கான பத்து நாள் கெடு முடிந்துவிட்டதால் விற்பனையாளரிடமே பேசுமாறு சந்தையின் வாடிக்கையாளர் சேவையினர் கூறினர். விற்பனையாளரோ, ஃபார்மேட் செய்து பாருங்கள் என்றார். செய்தேன். கேபிளை மாற்றிப் பாருங்கள் என்றார். அதையும் செய்தேன். சோதனை முடிவின் திரைப்பிடிப்பை அனுப்பியதும் இரண்டு நாட்கள் பதிலே இல்லை. நான் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதிய மறுநாள், அதை நீக்கினால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் செய்தி வந்தது. அரை மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு! குறை சொல்லும் மதிப்புரைகள் அந்தப் பக்கத்தில் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. மறுத்தேன். அதற்குப் பதிலாகத்தான் நேற்றைய செய்தி வந்தது. சந்தையிடம் மீண்டும் முறையிட்டபோது, “உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது” என்ற தானியங்கி மின்னஞ்சல் வந்தது. எது தீர்ந்தது என்று கேட்பதற்கு அதில் பதில் எழுதும் வசதியே இல்லை.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நீட்சி தரும் எழுத்தைப் பார்ப்பதற்கு முன், மிகப் பழைய மதிப்புரைகளும் வாங்கியவர்கள் ஏற்றிய படங்களும் நீங்கள் வாங்கப்போகும் பொருளைப் பற்றியவைதானா என்று பாருங்கள். பொருளின் படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து படத் தேடலில் இடுங்கள். ஒரே படம் பல பெயர்களில் வந்தால் சந்தேகப்படுங்கள், ஆயினும் ஒரே தொழிற்சாலைப் பொருளை நேர்மையாகப் பல பெயர்களில் விற்பவர்களும் உண்டு. சேமிப்புக் கருவி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அதை முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 2 டிபியை நிரப்ப 28 மணி நேரம் ஆகும், ஆகட்டும். சோதனை முடியும் வரை மூலங்களை அழிக்காதீர்கள்.

இன்று காலை அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டியைக் காணவில்லை. அதே எண்ணில் இப்போது கம்பியில்லா இயர்போன் விற்பனைக்கு வந்திருக்கிறது. நட்சத்திரம் நான்கரை, நீட்சியும் பச்சையாக ‘A’ என்றே காட்டுகிறது.