கருத்து அட்டையும் சர்வே மென்பொருளும்: இரண்டையும் நெடுநாள் பயன்படுத்தியவனின் கணக்கு

தங்கும் ஹோட்டல் ஒன்றின் நிர்வாகத்தை ஏற்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "விருந்தினர் கருத்தைத் திரட்டக் கருத்து அட்டை அச்சடிக்கலாமா, சர்வே மென்பொருள் வாங்கலாமா? உங்களிடம்தான் இரண்டும் இருக்கிறதே." இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் ஏறியதால் பதில் நீண்டுவிட்டது.

இரண்டும் எப்படி வேலை செய்யும் என்பது தெரிந்த கதைதான். அட்டை அறையில் மேசை மேல் இருக்கும். விருந்தினர் எழுதிப் பெட்டியில் போடுவார். சர்வே, அறையைக் காலி செய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மின்னஞ்சலில் போகும்; பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கும். 9, 10 கொடுத்தவர்கள் நம்மைப் பிறருக்குச் சொல்வார்கள், 7, 8 கொடுத்தவர்கள் எந்தப் பக்கமும் சேராதவர்கள், 6-உம் அதற்குக் கீழேயும் எல்லாம் அதிருப்தி என்று பிரிப்பது 2003-இல் அறிமுகமான ஒரு முறை. இப்போது பல சர்வேக்களுக்கு அதுதான் அடித்தளம். வண்ண வண்ணமாக வரைபடம் வரும். முதலாளிக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். அந்த வரைபடத்தில் அறை எண் கிடையாது.

விருந்தினரின் பதில் நம் முன்பதிவுக் கணினியோடு சரியாக இணைந்திருந்தால் அறை எண்ணும் கூடவே வரவேண்டும். எங்களுடையதில் பாதிப் பதில்களுக்கு வருவதில்லை. இணையத் தளங்கள் வழியாகப் பதிவு செய்தவர்களின் மின்னஞ்சல், இடைத்தரகரின் மாற்று முகவரியாக வருகிறது. அலுவலகத்தார் பதிவு செய்தால் சர்வே அறையில் தங்கியவருக்குப் போகாமல், பயண ஏற்பாடு செய்த ஊழியருக்குப் போய்ச் சேர்கிறது. தங்காத மனிதர் தலையணைக்கு மதிப்பெண் போடும் கூத்தையும் பார்த்துவிட்டோம். போதாததற்கு, ஒவ்வொரு முறை மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்ற பெட்டி ஒரு பக்கம் பின்னால் தள்ளப்படுகிறது. அந்தப் பெட்டிதானய்யா சர்வேயே!

அறை எண்ணுக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்பதற்கு வெந்நீர் விவகாரம் ஒன்று போதும்.

காலையில் வெந்நீர் சரியாக வரவில்லை என்று அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு அட்டையும் தனித்தனி வேலையாகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனது. பிளம்பர் பதினொரு மணி வாக்கில், அறை காலியான பிறகு போவார், குழாயைத் திறப்பார், சூடாக வரும். பதிவேட்டில் "சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உண்மையிலேயே குறை இல்லை. சர்வேயோ "குளியலறை: 5-க்கு 4.2" என்று மாதாமாதம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மொத்த ஹோட்டலின் சராசரியில் நான்கைந்து அறைகளின் குளிர்ந்த தண்ணீர் கரைந்து காணாமல் போய்விடும்.

ஒரு நாள் அட்டைகளை மேசையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்காமல், அறை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களின்படி அடுக்கினோம். 204, 304, 504, மறுபடி 304, 404. எல்லாம் 04. ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் அறைகள். ஒரே ஷாஃப்ட்டில் இறங்கும் ஒரே வெந்நீர்க் குழாய். நேரம் எழுதியிருந்தவர்கள் எல்லோரும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் என்றே எழுதியிருந்தார்கள். அதுவரை தனித்தனிக் குறையாகத் திரிந்தவை அந்த மேசையில் ஒரே குறையாக ஆயின.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெர்மாமீட்டரும் கடிகாரமுமாகப் போனோம். ஹீட்டரிலிருந்து 60 டிகிரியில் தண்ணீர் கிளம்புகிறது. பக்கத்து வரிசை 06-இல் குழாயைத் திறந்த அரை நிமிடத்தில் 50-ஐத் தாண்டிவிடுகிறது. 04 வரிசையில் மூன்று நிமிடம் ஓடவிட்டாலும் 38-க்கு மேல் ஏறவில்லை. ஆக ஹீட்டர் மேல் பழி இல்லை; பம்ப் மேலும் இல்லை. இரண்டும் எல்லா வரிசைக்கும் பொது.

வெந்நீரை ஹீட்டருக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சுழற்சிக் குழாய் அடைத்திருந்தால் முதலில் ஆறிய தண்ணீர் வரும், ஓட ஓடச் சூடாகிவிடும். ஓடியும் ஏறாமல் வெதுவெதுப்பிலேயே நின்றால், வழியில் எங்கோ குளிர்நீர் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அந்த வரிசைக்குப் போகும் வெந்நீர் வால்வையும், திரும்பி வரும் குழாயின் வால்வையும் அடைத்துவிட்டு, கீழ் அறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். மேலே குழாயில் தங்கியிருப்பது வடிந்ததும் தண்ணீர் நின்றுவிட வேண்டும். எங்களுக்கு நிற்கவில்லை. சில்லென்று ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொரு அறையாகக் குளிர்நீர் வால்வை அடைத்துக்கொண்டே போனோம். 604-ஐ அடைத்ததும் கீழே தண்ணீர் நூலாகி நின்றுபோனது.

604-இல் நெடுநாள் தங்கும் விருந்தினர் ஒருவர் இருந்தார். அங்கே கைஷவரின் தலையிலேயே நிறுத்தும் பொத்தான் உண்டு. அவர் குளித்து முடித்ததும் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார். வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து கொடுக்கும், சுவரில் இருக்கும் மிக்ஸர் பாதி திறந்தபடியே இருக்கும். வெளியே போக வழியில்லாத குளிர்நீருக்கு மிக்ஸரின் உள்ளே வெந்நீர்க் குழாய்க்குப் போக வழி கிடைத்தது. அதைத் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வுகள் உப்புப் படிந்து திறந்தபடியே இறுகிப்போயிருந்தன. காலையில் எல்லோரும் குளிக்கும்போது வெந்நீரின் அழுத்தம் குறைகிறது, குளிர்நீர் தள்ளிக்கொண்டு புகுகிறது. பதினொரு மணிக்கு அழுத்தம் சமமாகிவிடுகிறது, பிளம்பர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். 604-காரர் இரவில் குளிப்பவர். அவருடைய அட்டையில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண்!

குறை எழுதிய அறையில் கோளாறு இல்லை. கோளாறு இருந்த அறையிலிருந்து குறை வரவில்லை. இதை எந்தச் சராசரியும் சொல்லியிருக்காது. வால்வுகளை மாற்றினோம், பொத்தான் வைத்த கைஷவர்களை எல்லா அறைகளிலிருந்தும் கழற்றினோம், துப்புரவுப் பட்டியலில் மிக்ஸரை மூடிப் பார்ப்பதையும் சேர்த்தோம். இது வெறும் வசதிக் குறையும் அல்ல: 20-லிருந்து 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகக் குழாயில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுண்கிருமி பெருகும். வெந்நீரை 60-இல் சேமித்து, திரும்பும் குழாயில் 50-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது அதற்காகத்தான்.

சரிசெய்தாயிற்று என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பதிவேட்டில் கையெழுத்து விழுந்தால் ஆகாது. அதே வரிசையிலிருந்து அதே குறை வருவது நிற்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும். வெறும் எண்ணிக்கையும் ஏமாற்றும். நாற்பது அறை நிரம்பிய நாளில் இரண்டு குறை என்றால் நூற்றுக்கு ஐந்து; தொண்ணூறு அறை நிரம்பிய நாளில் மூன்று குறை என்றால் நூற்றுக்கு மூன்று சொச்சம். எண்ணிக்கை ஏறியிருக்கிறது, நிலைமை தேறியிருக்கிறது. கூடவே, திரும்பி வந்த அட்டைகள் எத்தனை என்றும் பார்க்க வேண்டும். அட்டையே வைக்காத வாரத்திலும் குறை பூஜ்யம்தான்.

அட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதாக நினைத்துவிட வேண்டாம். அதற்கும் நோய் உண்டு. வரவேற்பு மேசை ஊழியர்களின் ஊக்கத்தொகையை மதிப்பெண்ணோடு கட்டிய மாதத்தில், எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்ட அட்டைகள் பெட்டியில் குவிந்தன. எல்லாம் ஒரே ஊதா மை, ஒரே சாய்வு, மடிப்புக்கூட விழாத மொடமொடப்பு. அறை எண் இடத்தில் அன்று காலியாக இருந்த அறையின் எண். ஊக்கத்தொகையை மதிப்பெண்ணிலிருந்து பிரித்ததும் அந்த அபாரத் திருப்தியும் போயிற்று. பெட்டிச் சாவியைத் துப்புரவுப் பிரிவிடம் விட்டால் "அறை அழுக்கு" என்ற அட்டை வழியிலேயே மாயமாகிவிடும். சாவி அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவரிடம் இருக்கட்டும்.

எல்லாக் குறையும் பழுதும் அல்ல. தலையணை கல்லாக இருக்கிறது என்று ஒருவர், பஞ்சாக அமுங்குகிறது என்று இன்னொருவர் எழுதினால் அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு வகையும் அலமாரியில் வைத்துவிட்டால் முடிந்தது.

எங்கள் அட்டை இப்போது பாதி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நட்சத்திரங்கள், சிரிக்கும் முகங்கள் எல்லாம் போய்விட்டன. அறை எண் நாங்களே முத்திரை குத்தி வைக்கிறோம். விருந்தினர் எழுத மறந்தாலும் கவலையில்லை. எந்த நேரத்தில் என்று ஒரு கட்டம். "நாங்கள் ஒன்றைச் சரிசெய்யலாம் என்றால் எதை?" என்று ஒரே கேள்வி, கீழே நான்கு வரி வெற்றிடம். வாரம் ஒருமுறை பராமரிப்பு, துப்புரவு, வரவேற்பு மூன்று பிரிவினரும் உட்கார்ந்து அறை எண்படி அடுக்குகிறோம். ஒரே குறை ஒரே வரிசையிலோ, ஒரே தளத்திலோ, ஒரே நேரத்திலோ மூன்று முறை வந்தால் தனித்தனி வேலைச்சீட்டுகளைக் கிழித்துவிட்டு ஒரே விசாரணையாக எடுக்கிறோம். மூன்று என்பது எங்கள் அளவு. பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனை சொன்னவன் சர்வேயைத் தூக்கி எறிந்திருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். ஓர் இரவு தங்கி விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் பேனாவைத் தொடுவதே இல்லை. அவர்கள் குரல் கேட்க வேறு வழியில்லை என்பது ஒரு நியாயம். முதலாளிக்கு வரைபடம் வேண்டும் என்பது இன்னொரு நியாயம், அதுதான் வென்றது. வாங்கியே தீர வேண்டும் என்றால் கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரை எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு பதிலைத் திறக்கச் சொல்லுங்கள். அறை எண், தங்கிய தேதி, விருந்தினர் எழுதிய முழு வாக்கியம் மூன்றும் ஒரே வரியில் வருகிறதா, அதை அப்படியே அட்டவணையாக எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். "அடுத்த பதிப்பில் வரும்" என்பார். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்.